தொள்ளாயிரத்து எண்பது

கல்லூரியை முடித்த வருடமே எனக்கு வேலை கிடைத்தது. அந்த வேலைக்குப் பிணையாக என் அப்பாவின் மூன்று மா நிலம், ஏறக்குறைய ஓர் ஏக்கர், இருந்தது.

நிலம் எங்களுடையது அல்ல. மிராசு வீட்டுக்குச் சொந்தமான நாலு மாவில் அப்பா குத்தகைதாரர், அவருக்கு முன் அவருடைய அப்பா. தாலுகா அலுவலகப் பதிவேட்டில் பெயர் இருந்ததால்தான் மிராசு வீட்டாரால் எங்களை எழுப்ப முடியவில்லை. பெரியவர் இறந்த பிறகு அவருடைய மகன் வளைகுடாவிலிருந்து திரும்பி வந்தார். ஊரில் அவரைச் சின்னய்யா என்பார்கள். அங்கே மண்ணே இல்லாமல் கீரை வளர்க்கும் பண்ணையில் பல வருடம் மேற்பார்வை பார்த்தவர். வந்ததும் வராததுமாக அப்பா மேல் வருவாய் நீதிமன்றத்தில் வெளியேற்ற வழக்குப் போட்டார். வழக்கு இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் ஆளுங்கட்சியின் உள்ளூர்க்காரர் ஒருவர் நடுவில் உட்கார்ந்து பேசி முடித்தார். எந்த ஆட்சி வந்தாலும் அவர் வேட்டியின் கரை மட்டும் சரியான நிறத்தில் இருக்கும் என்று ஊரில் சொல்வார்கள். கரைவேட்டி என்றால் அவர்தான்.

பேச்சு இப்படி முடிந்தது, கரைவேட்டி அதைப் பத்திரமாக எழுதிவைத்தார். நாலு மாவில், வழக்கு நடக்கும்போதே சின்னய்யா பசுமைக்குடில் போட்டுவிட்ட ஒரு மாவை அப்பா விட்டுக்கொடுக்க வேண்டும். அந்தக் குடிலில் உரக் கரைசல் கலந்து பயிரைப் பார்க்கும் வேலை எனக்கு. மூன்று அறுப்பு சரியாகப் போனால் சின்னய்யா வழக்கைத் திரும்பப் பெறுவார், மீதி மூன்று மா அப்பாவிடமே இருக்கும். எங்கள் வீட்டு ஆளின் தவறால் பயிர் கெட்டால் அப்பா அந்த மூன்று மாவையும் தானாக ஒப்படைத்துவிட வேண்டும்.

அப்பா தயங்கினார். தயங்காதவள் நான். வேதியியலில் பட்டம் வாங்கியிருந்தேன். எங்கள் தெருவில் பத்தாவதைத் தாண்டிய பெண் நான் ஒருத்திதான். தஞ்சாவூர்ப் பேருந்தில் மூன்று வருடம் நின்றுகொண்டே போய்ப் படித்த படிப்பு, கீரைக்கு உப்புக் கலக்கக்கூடவா உதவாது என்று நினைத்தேன். அப்பாவிடம் அதைச் சொல்லவும் செய்தேன்.

"எங்க ஆட்சியில படிச்ச புள்ளை. தைரியம் பாத்தீங்களா?" என்றார் கரைவேட்டி.

சின்னய்யா என்னைப் பார்த்து, "அப்ப மேடம் நாளைக்கே வந்துடுங்க," என்றார். அப்பாவைப் பார்த்து, "என்னப்பா, பொண்ணு சொல்லிடுச்சு, நீ ஏன் முழிக்கிற?" என்றார். அவருக்கு அப்பாவைவிட இருபது வயதாவது குறைவு.

குடிலுக்குள் வெள்ளைக் குழாய்கள் வரிசை வரிசையாகப் படுத்திருக்கும். குழாயின் மேல் ஓட்டைகளில் கீரைச் செடிகள். அடியில் மெல்லிய ஓடையாகக் கரைசல் ஓடும், வேர் அதில் நனைந்துகொண்டே இருக்கும். ஓடி முடித்த கரைசல் தரையில் புதைத்த இரண்டாயிரம் லிட்டர் தொட்டிக்குத் திரும்பி வரும், மோட்டார் அதை மறுபடி மேலே ஏற்றும். எங்கள் பக்கம் கடல் கிட்டே. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதனால் ஆர்.ஓ. இயந்திரம் வைத்து வடிகட்டிய தண்ணீரில்தான் உரம் கலக்க வேண்டும். உரம் இரண்டு பீப்பாய்களில் கெட்டியாக இருக்கும். ஒன்றில் கால்சியம், மற்றதில் பாஸ்பேட்டும் சல்பேட்டும். இரண்டையும் நேரடியாகச் சேர்த்தால் சுண்ணாம்புபோல் திரிந்து அடியில் தங்கிவிடும். எனவே தொட்டித் தண்ணீரில் ஒன்றை ஊற்றிக் கலக்கிவிட்டு அப்புறம் மற்றதை ஊற்ற வேண்டும். எவ்வளவு என்பதுதான் வேலை. குறைந்தால் கீரை வெளிறும். கூடினால் வேர் தண்ணீரை இழுக்க முடியாமல் தவிக்கும், இலையின் ஓரம் கருகும்.

நான் போவதற்கு முன்பு அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவள் கீழத்தெருப் பெண் ஒருத்தி. முப்பத்தைந்து வயதிருக்கும். நடவுக்கும் களைக்கும் போய்க்கொண்டிருந்தவளைச் சின்னய்யா குடிலில் சேர்த்திருந்தார். அவளுக்கு எழுத்துத் தெரியாது, எண் தெரியும். குடில் போட்டுக் கொடுத்த நிறுவனத்தின் இளைஞர் ஒருவர் போவதற்கு முன் அவளிடம் ஒரு டி.டி.எஸ். பேனாவைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். குடிதண்ணீர் கேன் விற்கும் கடையில் தண்ணீர் நல்லதா என்று முக்கிக் காட்டுவார்களே, அதே பேனா. தொட்டியில் முக்கினால் சின்னத் திரையில் எண் வரும். அவள் உரத்தை ஊற்றி, மூங்கில் கழியால் கலக்கி, பேனாவை முக்கிப் பார்ப்பாள். எழுநூறு வந்ததும் நிறுத்திவிடுவாள்.

முதல் நாளே நான் கேட்டேன், ஏன் எழுநூறு என்று.

"அந்தத் தம்பி சொன்னுச்சு பாப்பா. இந்தப் பேனாவ முக்கு, எழுநூறுல நிறுத்து, அவ்வளவுதான்னுச்சு."

அவள் என்னைப் பாப்பா என்றது எனக்குப் பிடிக்கவில்லை. நான் அவளை அக்கா என்று கூப்பிடவும் இல்லை. 'இந்தா' என்றோ, எதுவும் சொல்லாமல் கையைத் தட்டியோதான் கூப்பிடுவேன்.

குடிலின் வாசல் கம்பியில் ஓர் அட்டை தொங்கியது. சின்னய்யா வளைகுடாப் பண்ணையிலிருந்து கொண்டுவந்தது, பிளாஸ்டிக் உறை போட்டது. அதில் பயிர்களின் பெயர், அதற்கு எதிரே ஈ.சி. அளவு, அதற்கும் எதிரே பி.பி.எம். அளவு. ஈ.சி. என்பது மின்கடத்துதிறன். உப்பு கரைந்த தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், உப்பு கூடக்கூட அதிகம் கடத்தும். பி.பி.எம். என்பது பத்து லட்சம் பங்கு தண்ணீரில் எத்தனை பங்கு உப்பு என்ற கணக்கு. அட்டையில் லெட்யூஸ் கீரைக்கு 1.4 என்றும், அடுத்த கட்டத்தில் 980 என்றும் இருந்தது. அடியில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில், ஈ.சி.யை 700-ஆல் பெருக்குக என்றிருந்தது.

அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. எல்லாம் விளங்கிவிட்டதாக நினைத்தேன். 1.4-ஐ 700-ஆல் பெருக்கினால் 980. தொட்டியில் இருக்க வேண்டியது 980. இந்த அம்மாள் பெருக்கும் எண்ணைப் பிடித்துக்கொண்டு அதையே அளவு என்று எண்ணி இத்தனை நாளாகக் கீரையைப் பட்டினி போட்டிருக்கிறாள்! அந்த இளைஞர் எழுநூறால் பெருக்கு என்று சொல்லியிருப்பார், இவள் எழுநூறு வரை ஊற்று என்று கேட்டிருப்பாள்.

அப்போது முதல் பயிர் பாதி வளர்ந்திருந்தது. அதை மாற்ற எனக்குத் துணிச்சல் வரவில்லை. அவள் எண்ணிலேயே விட்டேன். கீரை நன்றாகவே வந்தது. கும்பகோணத்து ஓட்டல்காரர் வண்டி அனுப்பி எடுத்துப் போனார். சின்னய்யா என்னிடம், "மேடம் வந்த நேரம்," என்றார். நான் மறுக்கவில்லை. என்னுடைய 980-இல் வளர்ந்திருந்தால் இன்னும் கனமாக வந்திருக்கும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

இரண்டாவது பயிருக்கு நாற்றைக் குழாயில் வைத்து ஒரு வாரம் ஆனதும் அவளை வாசலுக்கு அழைத்து அட்டையைக் காட்டினேன். அன்று சின்னய்யாவும் கரைவேட்டியும் குடிலைச் சுற்றிப் பார்க்க வந்திருந்தார்கள். அவர்கள் இருக்கும்போதே சொன்னது தற்செயல் இல்லை.

"இந்த எழுநூறு என்னன்னு தெரியுமா உனக்கு?"

"அளவுதானே பாப்பா."

"இது அளவு இல்ல. பெருக்குற நம்பர். பெருக்கல்னா என்னன்னு தெரியுமா?"

கரைவேட்டி சத்தமாகச் சிரித்தார். "அதுகிட்டப் போயி பெருக்கல் கேக்குற. அது வாசல்தான் பெருக்கும்."

அவள் முகம் சுருங்கியது. நானும் சிரித்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதுவதில் அர்த்தம் இல்லை. என்னைப் பார்த்து இப்படிச் சிரித்த பள்ளிகளும் வகுப்பறைகளும் எனக்குத் தெரியும். அந்தச் சிரிப்பின் மறுபக்கத்தில் நிற்பது எவ்வளவு சுகமாக இருக்கும் என்பது அன்றுதான் தெரிந்தது.

அவள் ஒன்று மட்டும் சொன்னாள். "அட்டையில இருக்கறது அட்டைக்கு, பாப்பா. அந்தத் தம்பி இந்தப் பேனாவ வச்சுல்ல சொன்னுச்சு."

பி.பி.எம். என்றால் எந்தப் பேனாவிலும் பி.பி.எம்.தான், கிலோ என்றால் எந்தக் கடையிலும் கிலோ என்பது மாதிரி, என்று விளக்கினேன். சின்னய்யா தலையாட்டினார். அவர் வளைகுடாவில் இருந்தபோது அந்த எண்களை இயந்திரமே பார்த்துக்கொண்டது. அவருக்கு எண் தெரியாது, அட்டைதான் தெரியும்.

அன்று முதல் தொட்டியை 980-இல் வைத்தேன்.

மாசி பிறந்து வெயில் ஏறிக்கொண்டிருந்தது. முதல் பத்து நாள் கீரை கரும்பச்சையாக, தடிப்பாக இருந்தது. நான் அதைக் காட்டிக் காட்டிப் பெருமைப்பட்டேன். அப்புறம் இலைகள் பெரிதாகாமல் நின்றுவிட்டன. மத்தியானத்தில் தண்ணீரிலேயே நின்றுகொண்டு செடிகள் துவண்டன. வெயிலில் செடி உப்பைவிடத் தண்ணீரை அதிகம் குடிக்கும். அதனால் தொட்டியில் எண் தானாக ஏறியது. ஆயிரத்து நூறு, ஆயிரத்து நூற்றைம்பது. நான் தண்ணீர் விட்டு மறுபடி 980-க்குக் கொண்டுவந்தேன். அதோடு என் கடமை முடிந்ததாக நினைத்தேன்.

அவள் குருத்தை விரித்துக் காட்டினாள். உள்ளிலை ஓரங்கள் பழுப்பாகக் கருகியிருந்தன.

"காந்திப் போயிருக்கு பாப்பா. உரம் கூடிப்போனா நாத்தங்கால்ல இப்படித்தான் நுனி காயும்."

"இது நாத்தங்கால் இல்ல," என்றேன். வெயில்தான் காரணம் என்று மேலே நிழல்வலையை இழுத்துக் கட்டச் சொன்னேன். அவள் கட்டினாள். கருகல் நிற்கவில்லை. நிழல் சரியாக விழவில்லை என்று மறுபடி அவிழ்த்துக் கட்டச் சொன்னேன். இரண்டு தடவையும் நாள் முழுக்க ஏணியில் நின்று கட்டினாள்.

அப்பா மீதி மூன்று மாவில் சம்பா அறுத்துவிட்டு, தாளுக்கிடையில் தெளித்திருந்த உளுந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். குடிலின் பிளாஸ்டிக் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் நடமாடுவது மங்கலாகத் தெரியும். உள்ளே வரமாட்டார். சாயங்காலம் மட்டும், கீரை எப்படி இருக்கிறது என்று கேட்பார். நன்றாக இருக்கிறது என்பேன்.

அறுப்பு நாளில் ஓட்டல்காரரின் ஆள் வந்தான். ஒரு கீரையை நறுக்கி, குருத்தைக் கிள்ளி வாயில் போட்டுவிட்டுத் துப்பினான். கசப்பு. உள்ளே கருகல். ஒரு பெட்டிகூட ஏற்றாமல் வண்டி திரும்பிப் போனது. சின்னய்யா அப்போது ஊரில் இல்லை. மறுநாள் காலை வருவதாகவும், எல்லோரும் குடிலில் இருக்க வேண்டும் என்றும் தொலைபேசியில் சொன்னார். அவர் குரலில் கோபமே இல்லை.

அன்று மத்தியானம் குடிலில் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். பேனா வந்த அட்டைப்பெட்டியை அதற்கு முன்பு நான் திறந்து பார்த்ததே இல்லை. உள்ளே ஒரு சின்னப் பொட்டலம் இருந்தது. பேனா சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்பதற்கான சோதனைத் தூள். குறிப்பிட்ட அளவு சுத்தமான தண்ணீரில் கரைத்தால் அந்தத் தண்ணீரின் ஈ.சி. சரியாக 1.413 இருக்கும் என்று மேலே அச்சிட்டிருந்தது. பேனா கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பேனா கெட்டிருந்தால் குற்றம் யாருடையதும் இல்லை.

ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து முக்கினேன். அட்டையின் கணக்குப்படி 989 காட்ட வேண்டும். பேனா 706 காட்டியது. கழுவித் துடைத்து மறுபடி முக்கினேன். 706, 707, 706.

706-ஐ 1.413-ஆல் வகுத்தேன். ஐந்நூறுக்கு ஒரு இம்மி குறைவு.

பேனா கெடவில்லை. அது 700-ஆல் பெருக்கும் பேனா அல்ல, 500-ஆல் பெருக்கும் பேனா. எந்தப் பேனாவும் தண்ணீரிலுள்ள உப்பை எண்ணுவதில்லை. மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்பதை மட்டும் அளந்து, ஏதோ ஓர் எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. கரைந்திருப்பது சமையல் உப்பு என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 500. ஆற்றுத் தண்ணீரில் இருப்பதுபோலப் பல உப்புகள் கலந்தது என்று வைத்துக்கொண்டால் 700. குடிதண்ணீர்க் கடைப் பேனாக்கள் பெரும்பாலும் 500. அட்டையை அச்சிட்டவர்கள் 700. இரண்டு பேரும் பி.பி.எம். என்றே எழுதுகிறார்கள். கல்லூரியில் மின்கடத்துதிறன் பற்றி இரண்டு பருவம் படித்திருந்தேன். இதை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அப்புறம் மெதுவாக மற்றது விளங்கியது. 1.4-ஐ 500-ஆல் பெருக்கினால் எழுநூறு. அந்த இளைஞர் நல்ல ஈ.சி. மீட்டர் வைத்து 1.4-ஐப் பார்த்துவிட்டு, இந்தப் பேனாவில் அது எந்த எண்ணாகத் தெரிகிறதோ அதை அவளிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவள் எதையும் குழப்பிக்கொள்ளவில்லை. பெருக்கும் எண்ணும் அளவும் ஒரே எண்ணாக அமைந்துவிட்டதில் ஏமாந்தது நான். இந்தப் பேனாவில் 980 என்றால் ஈ.சி. 1.96. மாசி வெயிலில், வேண்டியதைப்போல் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு உரத்தில் செடிகளை நாள் கணக்காக நிறுத்தி வைத்திருந்தேன்.

அவள் தட்டுகளைக் கழுவிவிட்டு உள்ளே வந்தாள். மேசையில் கிடந்த பொட்டலத்தையும் என் தாளையும் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் என் முகத்தைப் படித்துவிட்டாள் போலிருக்கிறது.

"எழுநூறுதான் சரியா?"

"ஆமா."

பொட்டலத்தை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு, நாளைக்குச் சின்னய்யா வந்து கேட்டால் தானே கூடுதலாக ஊற்றிவிட்டதாகச் சொல்லிவிடுகிறேன் என்றாள். அவள் எங்கள் வீட்டு ஆள் இல்லை. பத்திரத்தில் எங்கள் வீட்டு ஆளின் தவறு என்றுதான் இருக்கிறது, அது ஊருக்கே தெரியும். அவளை வேலையை விட்டுப் போகச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

"எனக்கென்ன, நூறு நாள் வேலை இருக்கு, களையெடுக்கப் போவேன். நெலம் போச்சுன்னா உங்கப்பன் என்ன செய்வாரு?"

அவள் பேசியது உண்மையான அக்கறையோடுதான் என்று இப்போது தெரிகிறது. அன்று எனக்குக் கேட்டது வேறு. நான் பார்த்துச் சிரித்த ஒருத்தி என்னைக் காப்பாற்றுகிறாள். நாளைக்குத் தெருவில் இவள் சொல்லாவிட்டாலும் இவள் கண் சொல்லும். எழுத்துத் தெரியாதவள் போட்ட பிச்சையில் நான் பட்டதாரியாக உட்கார்ந்திருப்பேன்.

"உன் தயவு எனக்கு வேண்டாம்," என்றேன்.

"தயவு இல்ல பாப்பா. உங்கப்பாவுக்காக."

"எங்கப்பாவ நான் பாத்துப்பேன். நீ உன் வேலையப் பாரு."

அவள் தோளைக் குலுக்கிக்கொண்டு வெளியே போனாள்.

நான் ஒரு முழுநீளத் தாளை எடுத்து எழுதினேன். வரிசையாக, வேதியியல் ஆய்வக ஏட்டில் எழுதுவதுபோல. அட்டையின் கணக்கு. பேனாவின் கணக்கு. சோதனைத் தூள் காட்டிய எண், அதை வகுத்த விடை. தொட்டியில் உண்மையில் இருந்த வலு. இருந்திருக்க வேண்டிய வலு. இரண்டாயிரம் லிட்டர் தொட்டியை 980-இலிருந்து எழுநூறுக்கு இறக்க எண்ணூறு லிட்டர் சுத்தத் தண்ணீர் சேர்க்க வேண்டும், தொட்டி கொள்ளாது, எனவே முதலில் கொஞ்சத்தை வெளியேற்ற வேண்டும் என்பதுவரை. தவறு என்னுடையது, பணிப்பெண்ணுக்கு இதில் பொறுப்பில்லை என்று எழுதி, அடியில் பெயரும் பட்டமும் போட்டுக் கையெழுத்திட்டேன். எழுதி முடித்து ஒருமுறை படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. என் தவற்றைக்கூட அந்த ஊரில் என்னைத் தவிர வேறு யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. தெரிந்தே அந்தத் தாளை எழுதினேன், அப்பாவின் நிலம் அதில் இருக்கிறது என்பதையும் தெரிந்தே. உண்மையைச் சொன்னால் சின்னய்யா மதிப்பார், படித்தவர், இன்னொரு வாய்ப்புத் தருவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய் என்பது மனதின் ஒரு மூலைக்குத் தெரிந்தே இருந்தது.

மறுநாள் காலை குடில் வாசலில் சின்னய்யா, கரைவேட்டி, அப்பா, அவள், நான். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். சின்னய்யா யாரையும் திட்டவில்லை. என்ன நடந்தது என்று கேட்டார்.

அவள் வாயைத் திறந்தாள். அவளுக்கு முன்னால் நான் தாளை நீட்டினேன்.

சின்னய்யா நிதானமாகப் படித்தார். ஓரிடத்தில் நிறுத்தி, இந்த 1.413 எங்கிருந்து வந்தது என்று கேட்டார். சொன்னேன். மறுபடி படித்தார்.

"ரொம்பத் தெளிவா எழுதியிருக்கீங்க மேடம். இந்த மாதிரி ஒரு ரிப்போர்ட்ட நான் அங்ககூடப் பாத்ததில்ல."

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, எனக்குள் ஏதோ பூரித்தது. அவர் தாளை நான்காக மடித்துக் கரைவேட்டியிடம் கொடுத்தார்.

"பத்திரத்தோட இதையும் சேத்து வச்சுக்குங்க. அவங்க வீட்டு ஆளே கையெழுத்துப் போட்டுருக்கு."

அப்பாவுக்குப் புரியவில்லை. என்னையும் சின்னய்யாவையும் மாறி மாறிப் பார்த்தார். கரைவேட்டி அவர் தோளில் கைபோட்டுத் தள்ளி அழைத்துப்போய், ஒரே வாக்கியத்தில் சொன்னார். அப்பா திரும்பி என்னைப் பார்க்கவில்லை. உளுந்து வயலைப் பார்த்தார். அது அப்போதுதான் காய் பிடித்திருந்தது. உளுந்தை எடுத்துக்கொள்ளலாமா என்று சின்னய்யாவிடம் கேட்டார்.

"அத எடுத்துக்கப்பா. நான் என்ன கல் நெஞ்சுக்காரனா?"

என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. தவறு எங்கே என்று கண்டுபிடிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார் சின்னய்யா. அவளையும் அனுப்பவில்லை. எல்லோரும் போன பிறகு தொட்டியடியில் அவள் என்னிடம் கேட்டாள்.

"எனக்காகவா சொன்ன?"

"இல்ல."

"தெரியும்," என்றாள். "நான் சொல்லியிருந்தா உங்கப்பன் நெலம் இருந்திருக்கும். என் வேலை போயிருக்கும். இப்ப என் வேலை இருக்கு. நீ நல்லாத்தான் கணக்குப் போட்ட." அதன் பிறகு அவள் என்னைப் பாப்பா என்று கூப்பிடவில்லை. மேடம் என்றாள், சின்னய்யா சொல்லும் அதே குரலில்.

வீட்டில் அப்பா என்னை அடிக்கவில்லை. அம்மாதான் கேட்டாள், அந்தப் பொம்பளை தன்மேல் போட்டுக்கொள்கிறேன் என்றாளாமே, நீ ஏன் விடவில்லை என்று. கீழத்தெருவிலிருந்து எங்கள் தெருவுக்குச் செய்தி வர ஒரு நாள் போதும். பொய் சொல்லச் சொல்கிறாயா என்று கேட்டேன். ஆமாம் என்றாள் அம்மா. உன் படிப்புக்காகக் காதில் கழுத்தில் கிடந்ததையெல்லாம் கழற்றியபோது, பொய் சொல்லத் தெரியாதவளாக வா என்று நான் கேட்டேனா என்றாள். பொய் சொல்லக்கூடாது என்பதற்காக நான் அதைச் செய்யவில்லை என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது?

உளுந்து எடுத்த மறுவாரம் தாலுகா அலுவலகத்துக்குப் போனோம். குத்தகை உரிமையை விருப்பத்தோடு விட்டுக்கொடுப்பதாக அப்பா எழுதிக் கொடுக்க வேண்டும். மனுவைக் கரைவேட்டி தயாராகத் தட்டச்சு செய்து வைத்திருந்தார். சின்னய்யா நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தார். ஜமாபந்திக்கு மனு கொடுக்க வந்தவர்கள் நடை முழுக்க நின்றிருந்தார்கள்.

மேசைக்குப் பின்னால் இருந்த எழுத்தர் அப்பாவிடம், இதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியுமா, யாராவது படித்துக் காட்டினார்களா என்று கேட்டார். அது அவர் கேட்க வேண்டிய கேள்வி. படித்துக் காட்ட கரைவேட்டி தாளுக்குக் கை நீட்டினார்.

"வேணாங்க," என்றார் அப்பா. என் பக்கம் திரும்பினார். அத்தனை நாளில் அவர் என்னிடம் நேராகப் பேசியது அதுதான். "நீ படி."

"அப்பா."

"படி. எல்லாருக்கும் கேக்கற மாதிரி படி."

தாளை வாங்கினேன். சர்வே எண், உட்பிரிவு, நான்கு எல்லை, வாய்க்கால் பாத்தியம் எல்லாவற்றையும் ஒரு சொல்லும் தடுக்காமல் படித்தேன். என் தகப்பனார் காலம் முதல் நான் சாகுபடி செய்துவந்த மேற்படி நிலத்தில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ இனி எந்தப் பாத்தியதையும் இல்லை என்ற வரி வந்தபோது நடையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாருடைய தூண்டுதலும் இன்றி முழு மனதோடு என்ற கடைசி வரிவரை படித்துவிட்டுத் தாளை மேசையில் வைத்தேன்.

எழுத்தர் மை டப்பாவை நகர்த்தினார். அப்பாவின் கட்டைவிரலைப் பிடித்து உருட்டிக்கொண்டே, "பொண்ணு நல்லா படிக்குதே," என்றார்.

"ஆமாங்க," என்றார் அப்பா. "நான்தான் படிக்க வச்சேன்."

விரலில் இருந்த மையை அவர் வேட்டியில் துடைக்கவில்லை. என் துப்பட்டாவின் நுனியை எடுத்து, அதில் நன்றாக அழுத்தித் துடைத்துவிட்டு, பேருந்து நிற்கும் இடத்துக்கு எனக்கு முன்னால் நடந்து போனார்.